மணல் தொட்டியில் ஒரு கல்மரம்

ஆறு வயதுக் குழந்தைகளுக்கான புதைபடிவ அகழ்வுக்குத் தேவையானவை ஒரு மணல் தொட்டி, அதற்குள் புதைத்துவைக்கும் சில பொருள்கள், ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு வரைதாள் ஆகியவைதான். பெரும்பாலும் இந்தத் தாள் கடைசியில்தான் குழந்தையின் கைக்கு வருகிறது. தோண்டி எடுத்ததைக் கழுவி மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துக் குழந்தை வரைகிறது. அப்போது கிடைப்பது சங்கின் படம் அல்லது எலும்பின் படம். அதே தாளை அரை மணி நேரம் முன்னதாக, பொருள் இன்னும் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும்போதே கொடுத்துவிட்டால், அது எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அதன் அருகில் வேறு என்ன இருந்தது என்பதெல்லாம் தாளில் ஏறிவிடும். தொல்லுயிர் ஆய்வாளருக்கு இந்தச் செய்தி பொருளுக்கு இணையாக முக்கியம். பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அது கிடந்த நிலை ஒருமுறை கலைந்தால் திரும்பாது.

இதைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்ல முடியாது. தொட்டிக்குள் அப்படியொரு நிலையைப் புதைத்துவைத்தால் அது தானாகவே கண்டுகொள்ளும். அதற்கேற்ற உண்மையான எடுத்துக்காட்டு பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கிறது. 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரமொன்று அங்கே கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பதிவுசெய்தார். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது. அங்குள்ள பாறை அடுக்குகளில் சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும், சுறாப் பற்களும் கிடைக்கின்றன. வைணவர் வீடுகளில் பூசையில் இருக்கும் சாளக்கிராமம் பலவற்றிலும் இதே அம்மோனைட்டின் சுருள்தான் பதிந்திருக்கிறது. அவை இமயத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருபவை. சாத்தனூர் மரம் கிடப்பதும் கடற்படிவத்தில்தான். நிலத்தில் வளர்ந்த மரம் கடலுக்கு எப்படிப் போனது? ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்த்தது, ஊறி மூழ்கியது, சேறு மூடியது என்பது ஆய்வாளர்கள் தரும் விடை. மரத்தை மட்டும் தனியே கண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மரமும் கடற்சிப்பியும் ஒரே அடுக்கில் கிடந்ததால்தான் எழுந்தது. தொட்டியில் புதைக்க வேண்டியது இந்தச் சேர்க்கையைத்தான்.

தொட்டி மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் இருந்தால் போதும். நீளவாக்கில் இரு பக்கமும் மும்மூன்று பேராக ஆறு குழந்தைகள் மண்டியிட்டு உட்காரலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரடிச் சதுரம் கிடைக்கும். கை எட்டாத இடம் இருக்காது. மணல் அரை அடி உயரத்துக்கு நிற்க வேண்டும், அதாவது மூன்று கன அடி. அதன் எடை ஏறக்குறைய 130 கிலோ வரும் என்பதால், தொட்டியை நிழலான இடத்தில் முதலில் வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுவது நல்லது. கழுவிச் சலித்த ஆற்று மணல் ஏற்றது. கல் உடைக்கும் ஆலையிலிருந்து வரும் எம்-சாண்டில் மிக நுண்ணிய கல்தூள் இருக்கும். குனிந்தபடி பிரஷால் தட்டும் குழந்தையின் மூக்குக்கு நேரே அது பறக்கும். நுரையீரலுக்குக் கெடுதலான தூள் என்பதால் அதைத் தவிர்ப்பதே சரி. ஆற்று மணலையும் லேசாக நீர் தெளித்தே வைத்திருக்க வேண்டும். இரவில் தொட்டியைப் பலகையாலோ தார்ப்பாயாலோ மூடிவைக்காவிட்டால் தெருப் பூனைகள் அதைத் தங்களுக்கான இடமாக்கிக்கொள்ளும்.

வெறும் உலர்ந்த மணலில் அகழ்வு நடக்காது. பள்ளம் தோண்டத் தோண்ட ஓரங்கள் சரிந்து உள்ளே விழும். பிரஷ் பட்டதும் சிப்பி நகர்ந்துவிடும். மேலடுக்கு எது, கீழடுக்கு எது என்பது ஐந்தே நிமிடத்தில் கலந்துபோகும். குழந்தையும் பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் துழாவத் தொடங்கும். உலர்ந்த மணலில் அதுதான் அறிவான வழியும்கூட. ஆகவே பொருள்கள் இருக்கும் கீழடுக்கைச் சற்றுப் பிடிமானமுள்ளதாகச் செய்ய வேண்டும். நான்கு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சலித்த செம்மண் கலந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கும் பதத்துக்கு நீர் தெளித்து, நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு ஓரிரவு காயவிட வேண்டும். காலையில் கட்டைவிரலை ஊன்றினால் தடம் பதிய வேண்டும். பிரஷால் இழுத்தால் பொடி உதிர வேண்டும். விரல் பதியாவிட்டால் மண் அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைக் கிளறி மணல் சேர்த்து மீண்டும் அழுத்தலாம். இப்படிச் செய்த அடுக்குக்கு மணலைவிடச் செந்நிறம் கிடைக்கும், அந்த நிறம் பிறகு வரையும்போது பெரிதும் உதவும். இதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு வெறும் மணலைப் பரப்ப வேண்டும். அந்த மேல்மணலில் ஒரு நத்தை ஓடு, நாலைந்து புளியங்கொட்டை, ஒரு சிரட்டைத் துண்டு என இக்காலத்துப் பொருள்கள் சிலவற்றைப் போட்டுவைக்கலாம்.

சிப்பிகளுக்குக் கடற்கரையில் பொறுக்கியவையே போதும். கூரான விளிம்புள்ளவற்றை மட்டும் நீக்கிவிட வேண்டும். அம்மோனைட்டையும் மரத்தையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொள்ளலாம். களிமண்ணை ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் கயிறாக உருட்டிக் கைமுறுக்குபோல் சுற்றினால் அம்மோனைட் வடிவம் வந்துவிடும். அதை இன்னொரு களிமண் பலகையில் அழுத்தி எடுத்தால் அச்சுக்குழி தயார். மரத்துக்கு, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயின் உட்புறம் களிமண்ணைப் பூசி, அதில் புளியமரப் பட்டையையோ வேப்பம்பட்டையையோ அழுத்திப் பதித்தால் பட்டையின் வெடிப்புகள் அப்படியே விழும். ஒரு கோப்பை நீருக்கு இரண்டு கோப்பை பிளாஸ்டர் என்ற அளவில், நீரில் தூளைத் தூவிக் கலக்க வேண்டும். தூளில் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கட்டியான கலவைக்குள் கை மாட்டிக்கொண்டால் தீக்காயம் ஏற்படும் அளவுக்கு அந்தச் சூடு ஏறக்கூடும். ஆகையால் வார்ப்பு பெரியவர்களின் வேலை. மிச்சக் கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.

அரை மணி நேரத்தில் வார்ப்பை அச்சிலிருந்து எடுத்துவிடலாம் என்றாலும் அது உலர ஓரிரு நாளாகும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே புதைத்தால் பிரஷ் படும்போது பொருளே மாவாக உதிரும். வெள்ளை நிறம் கண்ணை உறுத்தினால் ஒரு சிட்டிகை காவிப்பொடி கலந்துகொள்ளலாம். மண்ணின் நிறத்துக்கே கொண்டுபோய்விடக் கூடாது. செம்மண்ணுக்கும் பொருளுக்கும் நிற வேறுபாடு தெரிந்தால்தான் இந்த வயதில் எங்கே நிறுத்துவது என்று கண் சொல்லும்.

இனிப் புதைக்கும் முறை. இரு நீளச் சட்டங்களிலும் ஓரடிக்கு ஓர் ஆணி, குறுகிய சட்டங்களின் நடுவில் ஓர் ஆணி அடித்துக் கயிறு கட்டினால் ஆறு சதுரங்கள் கிடைக்கும். கீழடிக் குழிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சதுர ஒழுங்கு புதிதல்ல. மனிதர் விட்டுச்சென்றவற்றைத் தேடும் தொல்லியலும் உயிர்களின் எச்சங்களைத் தேடும் தொல்லுயிரியலும் இந்த முறையைப் பகிர்ந்துகொள்கின்றன. மேல் வரிசைச் சதுரங்களுக்கு அ, ஆ, இ என்றும் கீழ் வரிசைக்கு ஈ, உ, ஊ என்றும் பெயர். ஓரடி நீளத்தில் மூன்று மரத்துண்டுகளைத் தொட்டியின் மூலைவிட்டத்தில், அ-வின் மூலையிலிருந்து ஊ-வின் மூலையை நோக்கி ஒரே கோடாகக் கிடத்த வேண்டும். மூலையிலிருந்து நாலு விரல் தள்ளித் தொடங்கினால் மரம் அ, ஆ, உ, ஊ என்ற நான்கு சதுரங்களைக் கடந்துபோகும். முதல் துண்டு பெரிதும் அ-வில் கிடக்க, அதன் நுனி மட்டும் ஆ-வில் எட்டிப் பார்க்கும். நடுத்துண்டு ஆ-வுக்கும் உ-வுக்கும் பாதிப்பாதி. கடைசித் துண்டின் தலை உ-வில் சற்றே நீட்டியிருக்க, உடல் ஊ-வில் கிடக்கும். இ-யிலும் ஈ-யிலும் மரமே இல்லை. சிப்பிகளும் அம்மோனைட்டும் மட்டும். மற்ற நான்கு சதுரங்களிலும் மரத்தை ஒட்டி இரண்டிரண்டு சிப்பிகள் வேண்டும். எந்தக் குழந்தைக்கும் முழு மரம் கிடைக்காது என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்.

வரைதாள் ஓரடிச் சதுரம். ஒரு முழு சார்ட் அட்டையில் இரண்டு தாள்கள் வெட்டலாம். சதுரமும் ஓரடி, தாளும் ஓரடி என்பதால் சிறிதாக்கி வரைய வேண்டிய தேவை எழுவதில்லை. அளவைக் குறைத்து வரைவது ஆறு வயதுக்கு மிகக் கடினம். உள்ளது உள்ளபடி வரைவது முடியும். தாளை நான்காக மடித்துப் பிரித்தால் நடுவில் சிலுவைபோல் மடிப்புக்கோடு விழும். ஒவ்வொரு மண் சதுரத்திலும் அதேபோல் மெல்லிய நூலால் ஒரு சிலுவை கட்டிவிட்டால் தாளிலும் மண்ணிலும் நான்கு சிறு கட்டங்கள் ஒத்திருக்கும். மேல்மணலை வழித்து முடித்த பிறகு இந்த நூலைக் கட்டினால் இடைஞ்சல் குறைவு. தாளின் ஒரு விளிம்பில் நீலக் கோடு போட வேண்டும். தொட்டியின் நடுக்கயிறும் நீலமாக இருக்க வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் தாளை ஆளுக்கொரு திசையில் பிடிப்பார்கள். நீலக் கோடு நீலக் கயிற்றின் பக்கம் இருக்க வேண்டும் என்ற ஒரே விதி அந்தக் குழப்பம் முழுவதையும் தடுத்துவிடும்.

பிரஷ் இரண்டு வகை தேவை. வர்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் ஓரங்குல பிரஷ், முடி சற்று விறைப்பாக இருப்பது, மண்ணை வழிக்க. ஓவியத்துக்கான உருண்டை பிரஷ், மென்மையானது, பொருளின் மடிப்புகளைத் துடைக்க. ஈர மண்ணில் பிரஷ் முடி சேர்ந்து கட்டியாகிவிடும் என்பதால் கூடுதலாகச் சில உலர்ந்த பிரஷ்களைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. பழைய டூத் பிரஷ் பிளாஸ்டரைக் கீறிவிடும். குழந்தைகள் முதலில் பிரஷைக் கரண்டிபோல் குத்துவார்கள். முடி பூப்போல விரிந்திருந்தால் அது நடந்திருக்கிறது. வாசல் பெருக்குவதுபோல ஒரே பக்கமாக, பொருளை விட்டு வெளியே தள்ளிப் பெருக்க வேண்டும் என்று ஒருமுறை செய்துகாட்டினால் புரிந்துகொள்வார்கள். பெருக்கிய மண்ணை ஒரு சிறு முறத்தில் வாரி வாளியில் கொட்டலாம்.

உண்மை அகழ்வில் பிரஷுக்கு இவ்வளவு பெரிய இடம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதைபடிவங்கள் பெரும்பாலும் பாறையில் சிக்கியிருப்பவை. அவற்றை எடுக்கச் சுத்தியலும் உளியும் வேண்டும். பிரஷ் தூசி துடைக்க மட்டுமே. அரியலூர்ப் பக்கத்தில் காரையின் களிமண் மேடுகளில் மழை அரித்த தரையிலேயே படிவங்கள் வெளிப்பட்டுக் கிடக்கும். அங்கே வேலை முழுவதும் கண்ணுக்குத்தான். தொட்டியில் பிரஷ் இருப்பதன் காரணம் வேறு. அது கையை மெதுவாக்குகிறது. கரண்டியால் ஒரே வீச்சில் வெளியே வந்துவிடும் சிப்பி, பிரஷால் வழிக்கும்போது முதலில் ஒரு விளிம்பாக, பிறகு பாதியாக, கிடந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியவருகிறது. வரைவதற்கு வேண்டிய நேரம் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

முதல் பத்து நிமிடம் மேல்மணலுக்கு. ஐஸ்கிரீம் கரண்டியால் வழிக்கலாம். நத்தை ஓடும் புளியங்கொட்டையும் கிடைத்தால் அந்த இடத்திலேயே நீல மெழுகுக் கிரேயானால் தாளில் குறித்துவிட்டு எடுத்துவைக்கலாம். செம்மண் தெரிந்ததும் கரண்டிகளை வாங்கிக்கொண்டு பிரஷ்களைக் கொடுக்க வேண்டும். இனிக் கிடைப்பவை எல்லாம் சிவப்புக் கிரேயானில். ஆழத்தை அங்குலத்தில் எழுதத் தெரியாத வயதில் நிறமே ஆழத்தைச் சொல்லிவிடுகிறது: தாளில் நீலமாக இருப்பது மேலே கிடந்தது, சிவப்பாக இருப்பது அடியில் கிடந்தது. இருபது நிமிடத்தில் பொருள்கள் பாதிக்குமேல் வெளிப்பட்டுவிடும். அப்போது எல்லாக் கைகளும் நிற்க வேண்டும். வரைந்து முடியும்வரை எதையும் அசைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் ஒரே கண்டிப்பான விதி.

வரைவதில் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் ஒரு பழக்கம் உண்டு. தாளின் அடி விளிம்பைத் தரையாகக் கொண்டு, கண்டவற்றையெல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கவைத்து வரைவார்கள். படுத்துக் கிடக்கும் மரம் தாளில் எழுந்து நிற்கும். மேலிருந்து பார்த்து வரை என்று சொல்வதால் பயனில்லை. இடக்கை விரலைச் சிப்பியின் மேல் வைக்கச் சொல்லி, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கயிறு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, வலக்கை விரலைத் தாளில் அதே கட்டத்தில் வைக்கச் சொன்னால் இடம் சரியாக அமைந்துவிடும். வடிவம் எப்படி வந்தாலும் அதைத் திருத்த வேண்டாம். அம்மோனைட்டின் அருகே குழந்தை முறுக்கு என்று எழுதினால் அந்தப் பெயரே இருக்கட்டும். இடம் தவறியிருந்தால் மட்டும் மீண்டும் பார்க்கச் சொல்லலாம். மரம் கயிற்றைத் தாண்டிப் போகும் இடத்தில் குழந்தை அதைத் தாளுக்குள்ளேயே முடித்து வட்டமாக்க முனையும். மரம் அங்கே முடிகிறதா என்று கேட்டால் கயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். கோடு தாளின் விளிம்புவரை போய்விடும். வரைந்ததற்கு 1, 2 என்று எண்ணிட்டு, அதே எண்ணை ஒட்டிய பையில் பொருளைப் போட வேண்டும். மரத்துண்டுகளை மட்டும் இப்போது எடுக்கக் கூடாது.

பிறகு ஆறு தாள்களையும் தரையில் தொட்டியைப்போலவே மூன்றும் இரண்டுமாகப் பரப்ப வேண்டும். நீல விளிம்புகள் நடுவில் சேர்ந்ததும் அ-வில் தொடங்கும் சிவப்புக் கட்டை ஆ-வுக்குள் நுழைந்து, உ-வுக்கு இறங்கி, ஊ-வில் முடிவது தெரியும். கோடுகள் ஒரு விரல் முன்பின் விலகியிருக்கும், அதனால் பாதகமில்லை. ஒரு தாளில் மட்டும் கட்டை எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் அந்தக் குழந்தை தாளைத் திருப்பிப் பிடித்து வரைந்திருக்கிறது. நீலக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று தொட்டிக்குப் போய்ப் பார்த்துவரச் சொல்லலாம். தான் கண்ட தடித்த குச்சி பெரிய மரம் ஒன்றின் நடுப்பகுதி என்பது உ-வின் குழந்தைக்கு அப்போதுதான் தெரிகிறது. இ-யும் ஈ-யும் தங்களுக்கு மரமே கிடைக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வார்கள். அந்த இரு தாள்களில் சிப்பி மட்டுமே இருப்பதைக் காட்டி, இந்த இடம் அப்போது என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க ஏற்ற நேரம் அது. கடல் என்ற விடை அவர்களிடமிருந்தே வரும். மரம் கடலுக்குள் ஏன் என்ற கேள்வியை அடுத்து யாராவது கேட்பார்கள். சாத்தனூர் மரத்தின் படத்தைக் காட்ட வேண்டியது அதற்குப் பிறகுதான். புளியங்கொட்டையும் அதே காலத்ததா என்று ஒரு குழந்தை கேட்டால், தாளில் அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் போதும்.

அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தொட்டியில் முறுக்கு என்று பெயரிட்ட குழந்தை அங்கே உண்மையான அம்மோனைட்டை அடையாளம் கண்டுகொள்ளும். சாத்தனூரிலோ காரையிலோ தரையில் கிடப்பதை எடுத்துவந்து தொட்டியில் புதைப்பது மட்டும் கூடாது. இடத்திலிருந்து பெயர்த்த படிவம் எண் ஒட்டாத பையில் போட்ட சிப்பிபோல் ஆகிவிடும்.

தொட்டியை அடுத்த குழுவுக்குத் தயார்செய்யும் வேலை மிச்சம் இருக்கிறது. செம்மண் அடுக்கைக் கிளறி, நீர் தெளித்து, மீண்டும் அழுத்தலாம். முன்பு போட்ட திட்டப்படத்தைப் பெரியவர் எடுக்கத் தேவையில்லை. ஆறு குழந்தைகளும் தத்தம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் இருக்கும் இடத்திலேயே பொருள்களைத் திரும்ப வைக்கட்டும். மரத்துண்டுகள் மூலைக்கு மூலை ஒரே கோட்டில் வந்து நின்றால் வரைந்தது சரி. ஓரிடத்தில் மரம் முறிந்து விலகினால், எந்தத் தாளில் பிழை என்று அவர்களே குனிந்து தேடத் தொடங்குவார்கள்.